அப்பத்தாவின் டீ செட் டொராண்டோ போகிறது: குடும்பப் பழம்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏற்றுமதிச் சரக்குகளுக்குப் பெட்டி கட்டும் தொழிலில் சென்னையில் நெடுங்காலம் இருந்தவன் நான். வீட்டுச் சாமான் அனுப்ப வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். காரைக்குடியிலிருந்து வந்த ஒரு குடும்பம் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கேட்டது. அதனால் அவர்கள் அனுப்பிய பொருட்களையே உதாரணமாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

"அப்பத்தா காலமான பிறகு வீட்டுச் சாமான்களைப் பங்கு பிரித்தோம். டொராண்டோவில் இருக்கும் என் மகளுக்கு ஜப்பான் டீ செட் ஒன்று, தஞ்சாவூர் ஓவியம் இரண்டு, ஒரு குத்துவிளக்கு. எந்த மாதிரிப் பெட்டி வாங்க வேண்டும்?"

பெட்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதன் வயதை எழுதுங்கள். நூறு ஆண்டு நிறைந்த பொருளை நீங்கள் எவ்வளவு அருமையாகக் கட்டினாலும் அது இந்தியாவை விட்டுப் போக முடியாது.

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் அப்படிச் சொல்கிறது. சிற்பம், ஓவியம், நாணயம், கைவினைப் பொருள், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த கதவு, தூண் என எதுவானாலும் நூறு ஆண்டுகளுக்குக் குறையாமல் இருந்து வந்திருந்தால் அது தொல்பொருள் ஆகலாம். ஓலைச்சுவடி, கையெழுத்துப் படி, பழைய ஆவணம் ஆகியவற்றுக்கு அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது அழகியல் மதிப்பு இருந்தால் 75 ஆண்டே போதும். தொல்பொருளை மத்திய அரசோ அது அனுமதித்த அமைப்போ மட்டுமே நாட்டுக்கு வெளியே அனுப்பலாம். மீறினால் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, அதோடு அபராதமும் உண்டு. "விற்கவில்லையே, சொந்தப் பேத்திக்குத்தானே" என்ற வாதம் சுங்கத்துறை மேசையில் எடுபடாது. சட்டத்தில் உறவுக்கென்று விதிவிலக்கு எதுவும் இல்லை.

இந்த நூறு ஆண்டுக் கோடு ஒவ்வோர் ஆண்டும் நகர்கிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1925இல் வாங்கிய பொருளை 2020இல் தாராளமாக அனுப்பியிருக்கலாம். இன்று முடியாது. "அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்று ஒத்திப்போட்டே வாய்ப்பை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

"வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? யாரிடமும் ரசீது இல்லை. எல்லாரும் 'ரொம்பப் பழசு' என்கிறார்கள்."

நம் வீடுகளில் ரசீதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு: பாத்திரத்தில் வெட்டிய பெயர். சீர்வரிசைச் சாமான்களில் பெண்ணின் பெயரையோ விலாசத்தையோ வெட்டுவது பழைய வழக்கம். சிலவற்றில் ஆண்டும் இருக்கும். இந்தக் குடும்பத்தின் குத்துவிளக்கை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்துப் பார்த்தபோது, பாதத்தின் உட்புறம் அப்பத்தாவின் முதலெழுத்தும் "ஈஸ்வர வருஷம்" என்ற சொற்களும் தெரிந்தன.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒரு முறை சுற்றி வருபவை. ஈஸ்வர ஆண்டு 1937இலும் தொடங்கியது, 1877இலும் தொடங்கியது. முன்னதானால் விளக்கு போகும், பின்னதானால் போகாது. அப்பத்தாவுக்குத் திருமணம் நடந்தது 1937இல் என்பதற்குக் கல்யாணப் பத்திரிகை பெட்டகத்தில் இருந்தது. பெயரும் அவருடையதே. ஆகவே 1937 என்று முடிவாயிற்று. ஆண்டின் பெயரை மட்டும் நம்பியிருந்தால் அந்த முடிவு கிடைத்திருக்காது.

பீங்கானுக்கு அதன் அடிப்பக்கமே பேசும். அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டினது என்று ஆங்கிலத்தில் குறிக்கச் சொன்னது. ஜப்பானியப் பீங்கானில் தொடக்கத்தில் "நிப்பான்" என்று பொறித்தார்கள். 1921 முதல் அது செல்லாது, "ஜப்பான்" என்றே இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கத்துறை சொல்லிவிட்டது. "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்ற பொருளில் ஆங்கில முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையது, 1952க்குள் செய்தது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்கு முன் இருக்க வழியே இல்லை, ஏனென்றால் அப்படியொரு நாடு அதற்கு முன் இல்லை. இந்த டீ செட்டில் "மேட் இன் ஜப்பான்" என்று இருந்தது. முத்திரை தனியாக 1937ஐ நிரூபிக்காது. கல்யாணப் புகைப்படம் ஒன்றில் சீர் வரிசையோடு அதே கெட்டில் தெரிந்தது. இரண்டும் சேர்ந்தபோது சாட்சி வலுத்தது.

ஓவியத்தைத் திருப்பிப் பாருங்கள். சட்டம் போட்ட கடையின் சீட்டு, பின்பலகையில் ஒட்டிய செய்தித்தாள், ஆணியின் வகை என எல்லாமே குறிப்புகள்தான். ஆனால் சட்டத்தைப் பிற்காலத்தில் மாற்றியிருக்கலாம். பின்னால் 1960ஆம் ஆண்டுச் செய்தித்தாள் இருப்பதால் முன்னால் இருக்கும் படமும் 1960 ஆகிவிடாது.

"நாங்களே முடிவு செய்தது போதுமா, அரசுச் சான்றிதழ் வேண்டுமா?"

பழசு போலத் தோன்றும் எதற்கும் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். "தொல்பொருள் அல்ல" என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் அது. சென்னையில் அந்தத் துறையின் அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. விண்ணப்பத்தோடு பொருளின் புகைப்படங்களைப் பல படிகள் கொடுக்க வேண்டும். வல்லுநர்கள் பொருளை நேரில் பார்ப்பார்கள். ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற ஐயம் வந்தால் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் அல்லது அவர் அதிகாரம் அளித்த அலுவலரின் முடிவே இறுதியானது. சட்டத்தின் 24ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

இங்கே எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. ஆணியடித்துக் கட்டி முடித்த பெட்டியோடு வந்து நிற்பார்கள். பொருளைப் பார்க்காமல் சான்றிதழ் எப்படிக் கிடைக்கும்? பிரிக்க வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். பீங்கான் பெரும்பாலும் உடைவது இப்படி இரண்டாம் முறை அவசரமாகக் கட்டும்போதுதான். சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கட்டுங்கள். புகைப்படம் எடுக்கும்போது பழைய கீறல், உதிர்ந்த பொன், விளிம்பில் சில்லு போன இடம் எல்லாவற்றையும் கிட்டத்தில் எடுத்து வையுங்கள். காப்பீட்டுக்கும் அதே படங்கள்தான் உதவும்.

"இரண்டு ஓவியங்களில் ஒன்று அப்பத்தாவின் மாமியார் காலத்தது. அதை என்ன செய்வது?"

அது போகாது. வெண்ணெய்த் தாழிக் கிருஷ்ணர் ஓவியம் 1948இல் வரைந்தது, பின்பலகையில் தேதி இருந்தது. மற்றொன்று பட்டாபிஷேகக் காட்சி. அப்பத்தா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே அது முகப்பில் மாட்டியிருந்தது. சுமார் 1900 என்று வைத்துக்கொண்டாலும் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது. வல்லுநர்களும் அப்படியே சொன்னார்கள்.

வீட்டிலேயே வைத்திருப்பதற்கும் ஒரு கடமை உண்டு. கல், உலோகம், சுடுமண், தந்தம் ஆகியவற்றால் ஆன சிற்பங்கள், ஓவியங்கள், ஓவியம் தீட்டிய சுவடிகள் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளில் நூறாண்டுப் பொருள் வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். இந்த ஓவியம் காரைக்குடியிலேயே பெரியப்பா மகன் வீட்டில் பதிவோடு இருக்கிறது. டொராண்டோவுக்கு அதன் நல்ல புகைப்படம் ஒன்று போயிற்று.

வயதே பார்க்காமல் தடுக்கப்படுபவையும் உண்டு. ராஜா ரவி வர்மா, அம்ரிதா ஷெர்கில், ஜாமினி ராய், நந்தலால் போஸ் உள்ளிட்ட ஒன்பது ஓவியர்களின் மூலப் படைப்புகள் கலைச் செல்வங்கள் என அறிவிக்கப்பட்டவை. தந்தம் பதித்த பெட்டி, தந்தச் சீப்பு எதுவும் போகாது. கிருஷ்ணர் படத்தின் சட்டத்தில் யாரோ அன்போடு செருகிவைத்த மயிலிறகைக் கூட எடுத்துவிட வேண்டும். மயில்தோகை ஏற்றுமதிக்கும் தடை இருக்கிறது.

"இவ்வளவு தொல்லை எதற்கு? 'பழைய வீட்டுச் சாமான்' என்று எழுதி அனுப்பினால் யார் பார்க்கப்போகிறார்கள்?"

ஊடுகதிர்க் கருவி பார்க்கும். உலோக விளக்கும் சட்டமிட்ட படமும் அதில் பளிச்சென்று தெரியும். நிறுத்திவைத்துக் கேட்கும்போது உங்களிடம் சான்றிதழ் இல்லையென்றால் பெட்டி வாரக்கணக்கில் கிடங்கில் கிடக்கும்.

எதிர்த்திசையில் நடக்கும் தவறும் உண்டு, அது இன்னும் வேடிக்கையானது. 1937ஆம் ஆண்டு டீ செட்டைப் பெருமையாக "ஆன்டிக்" என்று படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். சுங்க மொழியில் அந்தச் சொல்லுக்கு நூறு ஆண்டைக் கடந்த பொருள் என்பதே அர்த்தம். உலக நாடுகள் பயன்படுத்தும் சுங்க வகைப்பாட்டில் 9706 என்ற தலைப்பே அதற்காக இருக்கிறது. போகக்கூடிய பொருளுக்கு நீங்களே தடை தேடிக்கொள்கிறீர்கள்.

பொருளை உள்ளபடி எழுதுங்கள். "பீங்கான் டீ செட், 21 உருப்படிகள், ஜப்பானில் செய்தது, சுமார் 1937, பயன்படுத்தியது." "கையால் வரைந்த தஞ்சாவூர் ஓவியம், பலகை மேல், 1948, சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது." படிக்கும் அலுவலருக்குப் பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படி எழுதிய பெட்டிகள் திறக்கப்படாமல் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "பரிசுப் பொருட்கள்" என்ற ஒரே சொல்லோடு போகும் பெட்டிகளைத்தான் பிரிக்கிறார்கள். பிரித்தவர் உங்களைப் போலப் பார்த்துப் பார்த்து மறுபடி கட்டமாட்டார்.

"மதிப்பு என்று எவ்வளவு போடுவது? கனடாவில் வரி வருமாமே?"

பரிசு என்று போட்டால் வரும். கனடாவில் 60 கனடிய டாலர் வரையிலான பரிசுக்குத்தான் விலக்கு. அதற்கு மேற்பட்ட தொகைக்கு வரி உண்டு. அதனால்தான் எல்லாரும் "பரிசு, 50 டாலர்" என்று எழுதச் சொல்லித் தருகிறார்கள். இது பொய், அதோடு தேவையற்ற பொய்.

இந்தக் குடும்பத்துக்கு அது பரிசே அல்லவே! அப்பத்தா உயில் எழுதியிருந்தார். டீ செட்டும் விளக்கும் சிறிய ஓவியமும் பேத்திக்கு என்று அதில் இருந்தது. வெளிநாட்டில் இருந்தவர் இறந்ததால் கனடாவில் வசிப்பவருக்கு வந்து சேரும் வீட்டுப் பொருட்களை, அவை இறந்தவர் வைத்திருந்து பயன்படுத்தியவையாக இருந்தால், வரியின்றி விட அந்நாட்டுச் சுங்க அட்டவணையில் 9806.00.00 என்ற தனி வரிசை இருக்கிறது. இறப்பை எதிர்நோக்கி உயிரோடு இருக்கும்போதே கொடுத்தவையும் அதில் அடங்கும். உயிலின் நகல், இறப்புச் சான்றிதழ், உயிலை நிறைவேற்றுபவரின் கடிதம் ஆகியவற்றைப் பெறுபவர் அங்கே காட்ட வேண்டும். மகள் கையில் இந்தத் தாள்கள் பெட்டிக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. படிவத்தில் "பரம்பரைச் சொத்து, விற்பனைக்கு அல்ல" என்று எழுதி, உண்மையான மதிப்பையும் போட்டோம். பிரிட்டனிலும் பரம்பரையாக வரும் பொருட்களுக்கு இதேபோன்ற விலக்கு இருக்கிறது. சொத்து முறைப்படி உரிமையான நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி.

மதிப்பு என்பது அதே வயதில் அதே நிலையில் இருக்கும் அதே வகைப் பொருளைச் சந்தையில் வாங்க என்ன ஆகுமோ அது. அப்பத்தாவின் கைபட்டது என்பதற்குச் சுங்கத்திலும் காப்பீட்டிலும் விலை கிடையாது. அரசு அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளர் டீ செட்டுக்கு 40,000 ரூபாய், ஓவியத்துக்கு 1,20,000 ரூபாய், விளக்குக்கு 15,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். அந்த எண்களே சுங்கப் படிவத்திலும் போயின, காப்பீட்டிலும் போயின. ஒன்றில் குறைத்தும் மற்றொன்றில் கூட்டியும் எழுதுபவர்கள் உண்டு. உடைந்து இழப்பீடு கேட்கும் நாளில் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது சுங்கப் படிவத்தின் நகலைத்தான்.

"அனுப்பும் நிறுவனமே பொறுப்பேற்காதா? தனியாகக் காப்பீடு எதற்கு?"

பொறுப்பேற்கும், எடைக்கணக்கில். விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர் என்பது உச்சவரம்பு. 2024 டிசம்பர் 28 வரை அது 22ஆக இருந்தது. எஸ்.டி.ஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு, ஓர் அமெரிக்க டாலரைவிடச் சற்று அதிகம். ஓவியம் கட்டிய பெட்டி 8 கிலோ என்றால் 208 எஸ்.டி.ஆர். முந்நூறு டாலருக்குள் முடிந்துவிடும். 1,20,000 ரூபாய் ஓவியத்துக்கு இந்திய மதிப்பில் கால் பங்கு கூடத் தேறாது. பீங்கானும் படமும் எடை குறைந்தவை என்பதால் இந்தக் கணக்கில் எப்போதும் தோற்கும். தவிர, கூரியர் நிறுவனங்கள் பலவற்றின் நிபந்தனைகளில் கலைப்பொருளையும் பழம்பொருளையும் ஏற்பதில்லை என்றோ மிகச் சிறிய தொகைக்கே பொறுப்பு என்றோ பொடி எழுத்தில் இருக்கும். பொருளைச் சொல்லி, ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனிக் காப்பீட்டில் பார்க்க வேண்டியவை நான்கைந்து சொற்கள்தான். சரக்குக் காப்பீட்டில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதிகள் உண்டு. சி வகையில் கப்பல் மூழ்கினால், வண்டி கவிழ்ந்தால், தீப்பிடித்தால் பணம் கிடைக்கும். கோப்பை உடைந்தால் கிடைக்காது. பிரீமியம் மலிவாக இருப்பதன் காரணம் அதுவே. உங்களுக்கு ஏ வகை வேண்டும்.

ஏ வகையிலும் விலக்குகள் இருக்கின்றன. போதாத பேக்கிங்கால் வந்த சேதத்துக்குப் பணம் இல்லை. உரிமையாளரே கட்டிய பெட்டிக்குள் உடைந்தால் தரமாட்டோம் என்று வீட்டுச் சாமான் காப்பீடுகளில் தனி வரியாகவே இருக்கும். கட்டியது யார் என்ற இடத்தில் உண்மையை எழுதி, நீங்களே கட்டுவதாக இருந்தால் உடைவுக்குக் காப்பு உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். பொருளின் இயல்பிலேயே உள்ள குறையால் வரும் சேதமும் விலக்கு. தஞ்சாவூர் ஓவியக்காரர்கள் இந்த வரியை நினைவில் வைக்க வேண்டும், கீழே சொல்கிறேன்.

மதிப்பு "ஒப்புக்கொண்ட மதிப்பு" என்று இருக்கட்டும். இல்லையென்றால் உடைந்த பிறகு சந்தை விலை என்ன என்று ஒரு வாக்குவாதம் தொடங்கும். டீ செட்டுக்கு இன்னொன்று: இணை, தொகுதி பற்றிய விதி. 21 உருப்படியில் கெட்டில் மட்டும் உடைந்தால் மீதி இருபதும் சேர்ந்து மதிப்பிழக்கின்றன. ஆனால் பல காப்பீடுகள் உடைந்த ஒன்றின் பங்கை மட்டும் தரும். 40,000 ரூபாயை 21ஆல் வகுத்தால் 1,905 ரூபாய். நாங்கள் கெட்டிலுக்குத் தனியாக 12,000 ரூபாய் என்று பட்டியலிலேயே பிரித்து எழுதிவிட்டோம்.

"டீ செட்டை எப்படிக் கட்டினீர்கள்?"

பெட்டிக்குள் பெட்டி. கூரியர் மையங்களில் பெட்டிகள் ஓடும் பட்டையிலிருந்து பட்டைக்கு விழுகின்றன. மேசை உயரத்திலிருந்து ஒரு மூலை தரையில் மோதும் என்று வைத்துக்கொண்டுதான் கட்ட வேண்டும். "கண்ணாடி, கவனம்" என்ற ஒட்டுத்தாள் மனிதருக்குத்தான், பட்டைக்குப் படிக்கத் தெரியாது.

முதலில் எழுத்தில்லாத மெல்லிய டிஷ்யூ தாள். செய்தித்தாள் வேண்டாம், மை பொன் விளிம்பில் ஒட்டும். கோப்பையின் கைப்பிடி வளையத்துக்குள் தாளைச் சுருட்டி நிறைத்துவிட்டு, பிறகு முழுக் கோப்பையையும் சுற்ற வேண்டும். வளையம் வெறுமையாக இருந்தால் வெளியிலிருந்து வரும் அழுத்தம் அங்கேதான் முறிக்கும். கெட்டிலின் மூக்குக்கும் அப்படியே. மூடியை மேலே வைத்து ஒட்டாமல் தனியாகச் சுற்றுங்கள். அதற்கு மேல் பபுள் ராப் இரண்டு சுற்று.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்குவது வீட்டு அலமாரிப் பழக்கம். பெட்டிக்குள் அவற்றை நிற்கவைக்க வேண்டும், புத்தக அடுக்கு போல. தட்டு தன் விளிம்பில் தாங்கும் அதிர்ச்சியைப் படுக்கையில் தாங்காது. கோப்பைகள் வாய் கீழாக. ஒன்றுக்குள் ஒன்று செருகவே கூடாது.

இவை உட்பெட்டியில் இடைவெளியின்றி நிறைந்த பிறகு, அதைவிடப் பெரிய ஏழடுக்கு அட்டைப் பெட்டியில், ஆறு பக்கமும் 7 செ.மீ. இடைவெளி விட்டு வைக்கிறோம். அந்த இடைவெளியில் ஃபோம் துண்டுகள். தெர்மாகோல் உருண்டைகள் மட்டும் போட்டால் பயண அதிர்வில் அவை ஓரத்துக்கு நகர்ந்து, கனமான உட்பெட்டி மெல்ல அடியைத் தொட்டுவிடும். கசக்கிய தாளும் நாளடைவில் அமுங்கும். மூடி ஒட்டுவதற்கு முன் பெட்டியைத் தூக்கி மெல்ல ஆட்டுங்கள். ஏதாவது ஒரு சத்தம் கேட்டாலும், கை எதிரே ஏதோ நகர்வதை உணர்ந்தாலும் பிரித்து மறுபடி நிறைக்க வேண்டும். ஓர் ஆள் சிரமமின்றித் தூக்கும் எடையில் நிறுத்துங்கள். தனியாளால் தூக்க முடியாததைத்தான் கீழே போடுகிறார்கள்.

குத்துவிளக்கைத் திருகிப் பாதம், தண்டு, அகல், சிகரம் என்று பிரித்துத் தனிப் பெட்டியில் அனுப்பினோம். பித்தளையையும் பீங்கானையும் ஒரே பெட்டியில் வைப்பது ஆட்டுக்கல்லையும் முட்டையையும் ஒரே கூடையில் வைப்பதற்குச் சமம்.

"தஞ்சாவூர் ஓவியத்தின் முன்னால் கண்ணாடி இருக்கிறது. அதன் மேலேயே பபுள் ராப் சுற்றிவிடலாமா?"

முடிந்தால் கண்ணாடியைக் கழற்றி இங்கேயே விட்டுவிடுங்கள். கண்ணாடி அங்கேயும் கிடைக்கும். சட்டத்தின் பின்னாணிகளை நெம்புவது கை பழகியவர் வேலை, அதை மட்டும் சட்டம் போடுபவரிடம் கொடுங்கள். கழற்ற முடியாத நிலையில் இருந்தால் கண்ணாடி மேல் காகித ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஒட்டுங்கள். நாடா உடைவதைத் தடுக்காது. உடைந்த துண்டுகள் ஓவியத்தின் மேல் உருண்டு பொன்னைச் சுரண்டுவதைத் தடுக்கும்.

கண்ணாடி இல்லாத ஓவியப் பரப்பை எதுவும் தொடக்கூடாது. தஞ்சாவூர் ஓவியம் என்பது பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த மக்கினால் புடைப்பு எழுப்பி, கல் பதித்து, பொன் ரேக்கு ஒட்டியது. மேலே பபுள் ராப் அழுத்தினால் வெயிலில் காய்ந்த கிடங்கில் அதன் வட்ட வட்டக் குமிழிகள் வண்ணத்தில் பதிந்துவிடும். புடைப்பின் உச்சியில் விழும் அழுத்தம் மக்கை உடைக்கும். எனவே சட்டத்தின் விளிம்பை மட்டும் தாங்கும்படி நான்கு பக்கமும் ஃபோம் கட்டைகள் ஒட்டி, அதன் மேல் தட்டையான பலகை ஒன்றை மூடினோம். ஓவியத்துக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு விரல் கடை காற்று. அதற்கு வெளியேதான் பாலித்தீன், பபுள் ராப், பெட்டி எல்லாம். பெட்டி நின்றவாறு போகும்படி இரு பக்கமும் அம்புக்குறி போட்டோம்.

இனி அந்த இயல்புக் குறை. பலகை ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். மேலே இருக்கும் மக்கு அதோடு சேர்ந்து அசையாது. காரைக்குடியின் காற்றுக்குப் பழகிய பலகை, சனவரி மாதம் சூடேற்றிய டொராண்டோ வீட்டுக்குள் போனால் காற்றின் ஈரப்பதம் சட்டென்று விழுகிறது. சில வாரங்களில் மக்கு விரிசல் விட்டு, பொன் செதில் செதிலாக எழும்பும். பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும், ஒரு மோதலும் நடந்திருக்காது. காப்பீடு இதற்குப் பணம் தராது. நாங்கள் மே மாதத்தில் அனுப்பினோம், அங்கே வெப்பமூட்டி ஓடாத காலம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை அளவோடு வைத்தோம். அள்ளிப் போட்டால் பயணத்திலேயே பலகையை உலர்த்திவிடும்.

"மரப்பெட்டி நல்லதல்லவா? உள்ளே வைக்கோல் வைத்தால் மெத்தென்று இருக்குமே?"

வைக்கோல் வேண்டாம். ஊரில் பீங்கான் ஜாடிக்கு வைக்கோல் பிரிதான் சுற்றினோம், உண்மை. ஆனால் அதில் விதையும் பூச்சியும் ஒளிந்திருக்கும் என்று கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் தாவரத் தனிமைப்படுத்தல் அலுவலர்கள் பெட்டியோடு நிறுத்திவிடுவார்கள். விளக்கின் அகலில் ஒட்டிய மஞ்சள் அரிசியையும் கழுவிவிடுங்கள்.

மரப்பெட்டியானால் கட்டை மரத்துக்குச் சூடேற்றிய முத்திரை தேவை. மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருந்ததற்கான சான்று அது, கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு மரத்திலேயே பொறித்திருக்கும். ஒட்டுப்பலகைக்கு அது தேவையில்லை. ஓவியத்துக்கு நாங்கள் ஒட்டுப்பலகைப் பெட்டியே செய்தோம். அதில் மூடியை ஆணியால் அடிக்காமல் திருகாணியால் மூட வேண்டும். சுத்தியலின் ஒவ்வோர் அடியும் மக்குக்குப் போகிறது.

"ஊருக்கு வந்து திரும்பும் உறவினர் கையில் கொடுத்தனுப்பலாமா?"

கோப்பைகளுக்கு அதுவே நல்ல வழி, விமானத்துக்குள் கையோடு போகும் பையில். ஆனால் நூறாண்டுச் சட்டம் பயணப் பெட்டிக்கும் பொருந்தும். சான்றிதழை அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

"பெட்டி வந்துவிட்டது. மகள் என்ன செய்ய வேண்டும்?"

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஆறு பக்கமும் பார்க்க வேண்டும். மூலை நசுங்கியிருந்தாலோ ஈரக்கறை இருந்தாலோ அதைப் பெற்றுக்கொண்ட சீட்டிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்து. வெறும் கையெழுத்துப் போட்டால் நல்ல நிலையில் பெற்றதாகவே பொருள் கொள்வார்கள்.

ஓவியப் பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் முழுதும் அறையிலேயே வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த பெட்டியைச் சூடான அறையில் திறந்தால் பொன் மேல் பனித்துளி படியும். திறக்கும்போது கைப்பேசியில் இடைவிடாமல் படம் பிடித்தபடி திறக்கட்டும்.

உடைந்திருந்தால் எதையும் எடுத்து ஒட்டக் கூடாது, பெட்டியையும் ஃபோமையும் குப்பையில் போடக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பேக்கிங் போதுமானதாக இருந்ததா என்று பார்ப்பது அதை வைத்துத்தான். விமானச் சரக்கில் சேதத்தை எழுத்தில் தெரிவிக்க மான்ட்ரியல் உடன்படிக்கை 14 நாள் தருகிறது. கூரியர் ஒப்பந்தங்களிலும் காப்பீட்டிலும் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுவது நல்லது.

எங்கள் பெட்டியில் ஒரு சாசரின் விளிம்பில் சில்லு இருந்தது. மகள் பதறிப்போய் அழைத்தார். கட்டுவதற்கு முன் எடுத்த படங்களைப் பார்த்தோம். அந்தச் சில்லு காரைக்குடியிலேயே இருந்திருக்கிறது.